கைரன்: அம்பு பட்ட காயமா, அதற்கு முந்தையதா?

1977 நவம்பர் 1. சார்லஸ் கோவால் என்ற வானியலாளர், பாலோமரில் எடுத்த படத்தகடுகளில் ஒரு புள்ளியைக் கண்டுபிடிச்சார். சனிக்கும் யுரேனஸுக்கும் இடையே, சுமார் 50 வருஷத்துக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றும் சின்ன பொருள். கிரேக்கக் கதையில் வரும் பாதி மனிதன், பாதி குதிரையான கைரனின் பெயரை அதற்கு வைத்தார்.

மேற்கத்திய ஜோதிடர்கள் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். ஹெர்குலிஸின் விஷ அம்பு பட்டு, சாகாவரம் இருந்ததால் சாகவும் முடியாமல் தவித்த வைத்தியன் கைரன். அதனால் ஜாதகத்தில் அது நிற்கும் இடம் ஆறாத காயம். அதிலிருந்தே பிறரை ஆற்றும் வரமும் வரும் என்றார்கள்.

இதில் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. கதைப்படி அம்பு படும் முன்பே கைரன் பெரிய ஆசான். அஸ்கிளீபியஸுக்கு வைத்தியம் கற்றுக்கொடுத்தவன். அப்போ அம்பு எந்த வரத்தையும் தரலையே?

பதில் கதையின் தொடக்கத்தில் இருக்கு. குரோனஸ் குதிரை வடிவில் சேர்ந்ததால் பிறந்த பிள்ளை அவன். பார்த்த தாய் ஃபிலிரா அருவருத்து, விட்டுவிட்டுப் போனாள். மெலனி ரைன்ஹார்ட் 1989-ல் கைரன் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தக் கைவிடலுக்கும் முக்கிய இடம் உண்டு. வரத்தைத் தேட வேண்டியது இந்த முதல் காயத்தில்தான் என்பது என் கருத்து.

இப்போ கணக்கு. கைரனின் பாதை நீள்வட்டம். மேஷத்தில் சுமார் எட்டு வருஷம் இருக்கும், துலாமில் இரண்டு வருஷம்கூட இருக்காது. அதனால் ராசி ஒரு தலைமுறைக்கே பொது. 1979-ல் பிறந்த எல்லோருக்கும் அது ரிஷபம். (மேற்கத்திய கணக்கில். நம்ம அயனாம்சக் கணக்கில் மேஷம் வரும். நம்ம கட்டத்தில் கைரனே கிடையாது.) ரிஷபம் என்றால் பணம், உடல், பாதுகாப்பு சார்ந்த காயம் என்பார்கள். என் வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே காயமா? அதனால் ஆளுக்கு ஆள் வேறுபடுவது வீடுதான். அது ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும்.

என் ஜாதகத்தில் மூன்றாம் வீடு: பேச்சு, பள்ளிப் பருவம். சின்ன வயதில் எனக்குத் திக்குவாய். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் கை நடுங்கும். இன்று டீமில் புதுசா வருபவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விக்கு முழுசாகக் காத்திருப்பவன் நான்தான். படிக்கும்போது சிலிர்த்தது.

பிறகு பிறந்த நேரத்தை இரண்டு மணி முன்னே தள்ளிப் பார்த்தேன். நான்காம் வீடு: வீடு, வேர். வாடகை வீடு மாறிக்கொண்டே வளர்ந்தவன் நான். அதுவும் பொருந்தியது!

அதனால் கைரன் என்னைப் பற்றி எதையும் நிரூபிக்கலை. ஆனால் அது கேட்ட கேள்வி உபயோகமானது: அம்பு பட்டதைச் சொல்லாதே, அதற்கு முன்னாடி உன்னை யார் விட்டுட்டுப் போனது, அப்புறம் நீ என்ன கற்றுக்கொண்டாய்? அந்தக் கேள்விக்குப் பிறந்த நேரம் தேவையில்லை.