உயரம் எண்ணிக்கை அல்ல: கிரான்டின் 1662 அட்டவணையும் அடர்த்திச் செவ்வகப்படத்தின் வளர்ச்சியும்

முன்னுரை

லண்டன் துணி வணிகர் ஜான் கிரான்ட் 1662இல் வெளியிட்ட நூல், அந்நகரின் வாராந்திர இறப்புப் பட்டியல்களை ஆராய்கிறது. அதன் பதினோராம் அத்தியாயத்தில் சிறிய அட்டவணை ஒன்று உண்டு. பிறந்த 100 பேரில் எந்த வயதுக்குள் எத்தனை பேர் இறக்கின்றனர் என்பதை அது சொல்கிறது. முதல் வகுப்பு 6 ஆண்டுகளைக் கொண்டது. அடுத்தவை, கடைசி ஒன்றைத் தவிர, பத்துப் பத்து ஆண்டுகள். பிரிவு இடைவெளிகள் சமமாக இல்லாத அட்டவணையைப் படமாக்குவதில் எழும் எல்லாச் சிக்கல்களும் இந்த ஒன்பது எண்களுக்குள் இருக்கின்றன.

அந்தப் பக்கத்தின் ஒளிப்படத்திலிருந்து செவ்வகப்படம் வரையும் முறையை இக்கட்டுரை படிப்படியாகக் காட்டுகிறது. செவ்வகத்தின் பரப்புதான் நிகழ்வெண், உயரம் அல்ல என்ற கருத்து வரலாற்றில் எவ்வாறு உருப்பெற்றது என்பதையும் அதனூடே தேடுகிறது.

ஒளிப்படத்திலிருந்து எண்களை எடுத்தல்

கிரான்டின் பக்கத்தில் இரண்டு பட்டியல்கள் உள்ளன. முதலாவது இறந்தோர் பட்டியல்: 36, 24, 15, 9, 6, 4, 3, 2, 1. இரண்டாவது, குறிப்பிட்ட வயதில் உயிரோடு எஞ்சியோர் பட்டியல்: 16 வயதில் 40, 26இல் 25, 36இல் 16, 46இல் 10, 56இல் 6, 66இல் 3, 76இல் 1, 80இல் 0.

பழைய அச்சை ஒளிப்படத்தில் படிக்கும்போது இரண்டு வகைப் பிழைகள் நேரும். மங்கிய 6, 8 ஆகத் தோன்றலாம். இதைக் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும். ஒன்பது எண்களின் கூட்டல் 100 வரவேண்டும், வருகிறது. இரண்டாவது பிழை இதைவிடத் தந்திரமானது. தாள் வளைந்தோ ஒளிப்படம் சாய்ந்தோ இருந்தால், எண் தன் வரிசையை விட்டு மேலோ கீழோ உள்ள வரிசைக்கு உரியதுபோல் தெரியும். இரண்டு எண்கள் இடம் மாறினாலும் கூட்டல் 100தான். அந்தச் சோதனை இங்கே உதவாது.

எஞ்சியோர் பட்டியல்தான் இதைப் பிடிக்கும். 100இல் 36 போக 64; அதில் 24 போக 40; அதில் 15 போக 25. இப்படி ஒவ்வொரு படியிலும் கழித்து வந்தால், கிடைக்கும் விடை இரண்டாம் பட்டியலின் எண்ணோடு பொருந்த வேண்டும். ஒரு வரி இடம் மாறியிருந்தால் அந்தப் படியிலேயே பொருத்தம் உடையும்.

எண்களைவிட வகுப்பு எல்லைகளைப் படிப்பதில் கூடுதல் கவனம் தேவை. முதல் பட்டியலின் கடைசி வரிகளில் கிரான்ட் ஆண்டுகளை எழுதாமல் ‘அடுத்தது’ என்று மட்டும் குறிக்கிறார். அதை மட்டும் பார்ப்பவர் கடைசி வகுப்பையும் பத்தாண்டாகவே கொண்டு 76–86 என்று எழுதுவார். இரண்டாம் பட்டியலோ 80 வயதில் எவரும் இல்லை என்கிறது. ஆகவே கடைசி வகுப்பின் அகலம் 4 ஆண்டுகள். ஒளிப்படத்தில் இரண்டாம் பட்டியல் வெட்டுப்பட்டிருந்தால், எல்லா எண்களையும் சரியாகப் படித்தபின்னும் படம் தவறாகவே அமையும்.

அடர்த்தியைக் கணக்கிடுதல்

நிகழ்வெண்ணை வகுப்பின் அகலத்தால் வகுத்தால் நிகழ்வெண் அடர்த்தி கிடைக்கும். இங்கு அதன் பொருள்: அந்த வயதுப் பிரிவில், ஒவ்வோர் ஆண்டுக்கும் சராசரியாக எத்தனை இறப்புகள் விழுகின்றன என்பது.

| வயது | அகலம் (ஆண்டு) | இறந்தோர் | ஓராண்டுக்கு |
|---|---|---|---|
| 0–6 | 6 | 36 | 6.0 |
| 6–16 | 10 | 24 | 2.4 |
| 16–26 | 10 | 15 | 1.5 |
| 26–36 | 10 | 9 | 0.9 |
| 36–46 | 10 | 6 | 0.6 |
| 46–56 | 10 | 4 | 0.4 |
| 56–66 | 10 | 3 | 0.3 |
| 66–76 | 10 | 2 | 0.2 |
| 76–80 | 4 | 1 | 0.25 |

வரைபடத்தாளில் கிடை அச்சில் 1 செ.மீ. = 5 ஆண்டு என்றும், செங்குத்து அச்சில் 1 செ.மீ. = ஆண்டுக்கு 0.5 பேர் என்றும் கொள்வோம். அப்போது ஒரு சதுர செ.மீ. என்பது 5 × 0.5 = 2.5 பேர். முதல் செவ்வகம் 1.2 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் கொண்டது. பரப்பு 14.4 ச.செ.மீ.; அதை 2.5ஆல் பெருக்கினால் 36. கடைசிச் செவ்வகம் 0.8 × 0.5 = 0.4 ச.செ.மீ.; அது 1 ஆள். எல்லாச் செவ்வகங்களும் சேர்ந்து 40 ச.செ.மீ., அதாவது 100 பேர். செங்குத்து அச்சில் ‘ஓராண்டுக்கு இறந்தோர்’ என்று எழுத வேண்டும். வெறுமனே ‘இறந்தோர்’ என்று எழுதினால் படிப்பவர் முதல் வகுப்பில் 6 பேர் இறந்ததாகவே கொள்வார்.

எண்ணிக்கையை உயரமாக்கினால் நேர்வது

அகலங்களை அப்படியே வைத்துக்கொண்டு 36, 24, 15 ஆகியவற்றை உயரங்களாக வரைந்தால், முதல் செவ்வகத்தின் பரப்பு 6 × 36 = 216; இரண்டாவதன் பரப்பு 10 × 24 = 240. பரப்பைப் பார்த்து அளவை உணரும் கண்ணுக்கு, முதல் ஆறாண்டுகளைவிட 6 முதல் 16 வயதுக்குள்தான் அதிகம் பேர் இறந்ததுபோல் தோன்றும். முழுப் படத்தின் பரப்பு 850. அதில் முதல் வகுப்பின் பங்கு ஏறத்தாழ 25 விழுக்காடு. அட்டவணை சொல்வதோ 36 விழுக்காடு.

இதைவிட அழுத்தமான சோதனை வகுப்புகளை இணைத்துப் பார்ப்பது. 6–16, 16–26 இரண்டையும் சேர்த்து 6–26 என்று ஒரே வகுப்பாக்கினால் இறந்தோர் 39. எண்ணிக்கையை உயரமாக வைத்த படத்தில் இந்த 39, முதல் வகுப்பின் 36ஐ மிஞ்சி நிற்கும். புதிதாக ஒருவர்கூட இறக்கவில்லை. பிரித்த கோடு ஒன்றை அழித்தோம், அவ்வளவே. ஆனால் படத்தின் செய்தி தலைகீழாகிவிட்டது. அடர்த்தி முறையில் புதிய உயரம் 39 ÷ 20 = 1.95. அது 2.4க்கும் 1.5க்கும் இடையில் அமைகிறது, பரப்பு மாறவில்லை. கோடுகளை எங்கே போட்டோம் என்பதைப் பொறுத்து மாறும் உயரம், தரவைப் பற்றிய உண்மையாக இருக்க முடியாது.

அட்டவணையின் கடைசி இரு வரிகளிலும் இதே வேறுபாடு தெரிகிறது. எண்ணிக்கை 2இலிருந்து 1 ஆகக் குறைகிறது, அடர்த்தியோ 0.2இலிருந்து 0.25 ஆக ஏறுகிறது. இவ்வளவு சிறிய எண்களில் முழு எண்ணாக்கியதே இந்த ஏற்றத்துக்குக் காரணமாகலாம். அதிலிருந்து முதுமையின் இறப்பைப் பற்றி முடிவு சொல்வது தகாது. ஆனால் வகுப்பை 76–86 என்று தவறாகப் படித்திருந்தால் உயரம் 0.1 ஆகி, படம் ஐயத்துக்கு இடமின்றிச் சீராக இறங்கியிருக்கும். கடைசி வகுப்பின் எல்லையை ஒளிப்படத்தில் சரிபார்ப்பது ஏன் கட்டாயம் என்பதற்கு இதுவே சான்று.

சரிவிலிருந்து பரப்புக்கு

கிரான்ட் படம் எதுவும் வரையவில்லை. அவருடைய எண்களைப் படமாக்கியவர் டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். 1669இல் தம்பி லோடெவைக்குடன் நடந்த கடிதப் பரிமாற்றத்தில், வயதைக் கிடையாகவும் எஞ்சியோரைச் செங்குத்தாகவும் வைத்து அவர் ஒரு வளைகோடு வரைந்தார். எஞ்சியோர் வளைகோட்டில் அகலச் சிக்கல் எழவே இல்லை. 6 ஆண்டுகளில் 100இலிருந்து 64க்கு இறங்கும் கோடு தானாகவே செங்குத்தாகச் சாய்கிறது. பத்தாண்டுகளில் 64இலிருந்து 40க்கு இறங்கும் பகுதி அதைவிடச் சாய்வு குறைந்தது. அந்தச் சரிவுகள் 6, 2.4. நாம் வகுத்துப் பெற்ற அடர்த்திகள் இவையே. அடர்த்திச் செவ்வகத்தின் உயரம் ஹைகன்ஸ் கோட்டின் சரிவுதான்.

சமமற்ற வகுப்புகள் கிரான்டோடு நிற்கவில்லை. 1728 முதல் லண்டன் இறப்புப் பட்டியல்கள் வயதைப் பதிவு செய்தபோது, 2 வயதுக்குள், 2–5, 5–10, பிறகு பத்துப் பத்தாண்டுகள் என்று பிரித்தன. குழந்தைப் பருவத்தில் இறப்பு மிக விரைவாக மாறுவதால், அங்கே நெருக்கமான பிரிவுகள் தேவைப்பட்டன.

1786இல் வில்லியம் பிளேஃபேர் தம் வணிக வரைபட நூலில், ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதியை நாடுவாரியாகப் பட்டைகளில் காட்டினார். அங்கே ஒவ்வொரு பட்டையும் ஒரு நாடு. நாட்டுக்கு ‘அகலம்’ கிடையாது. எனவே பட்டையின் நீளமே மதிப்பு என்பது முற்றிலும் சரி. இந்தப் பழக்கம் வயது, வருமானம், எடை போன்ற தொடர் அளவுகளுக்கு மாற்றப்படும்போதுதான் பிழை பிறக்கிறது.

பட்டை வரைபடத்தையும் செவ்வகப்படத்தையும் வரையறையிலேயே பிரித்தவர் கார்ல் பியர்சன். லண்டன் கிரெஷாம் கல்லூரி விரிவுரைகளில் புழங்கிய ‘ஹிஸ்டோகிராம்’ என்ற சொல்லை 1895இல் ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்த கட்டுரையில் அவர் விளக்கினார்: அடிப்பகுதி குறிக்கும் வீச்சுக்கு உரிய நிகழ்வெண்ணைப் பரப்பாகக் காட்டும் பத்திகள். ஒழுங்கான வளைகோடுகளைத் தரவின் மேல் பொருத்துவது அவருடைய நோக்கம். வளைகோட்டின் கீழுள்ள பரப்பு நிகழ்தகவைத் தருவதால், செவ்வகங்களும் பரப்பால் பேசினால்தான் இரண்டையும் ஒரே தாளில் ஒப்பிட முடியும். அகலங்கள் சமமாக இருக்கும்போது உயரமும் பரப்பும் ஒரே விகிதத்தில் நகர்கின்றன. ‘உயரமே நிகழ்வெண்’ என்ற வழக்கம் அந்தச் சிறப்பு நிலைக்கு மட்டுமே பொருந்தும்.

கணினியில் இந்த வேறுபாடு இன்றும் தொடர்கிறது. விரிதாள்களின் சாதாரணப் பத்தி வரைபடம் எல்லா வகுப்புகளையும் ஒரே அகலத்தில் வரைகிறது. R மொழியின் `hist()` சமமற்ற எல்லைகளைக் கண்டால் தானே அடர்த்திக்கு மாறுகிறது. `freq = TRUE` என்று வற்புறுத்தினால் பரப்புகள் தவறு என எச்சரிக்கிறது. தொகுத்த அட்டவணைக்கு இது போதும்:

```r
x <- c(0, 6, 16, 26, 36, 46, 56, 66, 76, 80)
f <- c(36, 24, 15, 9, 6, 4, 3, 2, 1)
d <- f / diff(x)
barplot(d, width = diff(x), space = 0)
sum(d * diff(x))
```

கடைசி வரி 100 தரவேண்டும்.

எல்லைகள்

செவ்வகத்தின் தட்டையான மேல்விளிம்பு, இறப்புகள் வகுப்புக்குள் சமமாகப் பரவியதாகக் கொள்கிறது. பிறந்த முதலாண்டில் குவியும் இறப்பை 0–6 வகுப்பின் ‘ஆண்டுக்கு 6’ மறைத்துவிடுகிறது. வேறு அட்டவணைகளில் ‘80க்கு மேல்’ என்று திறந்து விடப்பட்ட வகுப்புக்கு அகலம் இல்லை. மேல் எல்லை ஒன்றை அனுமானித்து அதை வெளிப்படையாகக் குறிப்பிடாமல் உயரம் வரைய இயலாது.

மேலும், அடர்த்தி என்பது ஆபத்தின் அளவல்ல. வயது கூடக் கூட உயரம் குறைவதால் முதியோர் பாதுகாப்பாக இருந்தனர் என்று பொருளாகாது. 6 வயதில் எஞ்சிய 64 பேரில் 24 பேரும், 16 வயதில் எஞ்சிய 40 பேரில் 15 பேரும் அடுத்த பத்தாண்டில் இறக்கின்றனர். இரண்டுமே 37.5 விழுக்காடு. ஆபத்து மாறவில்லை; எஞ்சியோர் குறைந்ததால்தான் செவ்வகம் தாழ்ந்தது. இந்தச் சீர்மை லண்டனின் இயல்பும் அல்ல. அக்காலப் பட்டியல்களில் வயது இல்லாததால், கிரான்ட் குழந்தை நோய்களின் இறப்பிலிருந்து 36ஐ மதிப்பிட்டு, 64க்கும் 1க்கும் இடைப்பட்ட எண்களை விகித முறையில் நிரப்பினார்.

முடிவுரை

ஹைகன்ஸ் சரிவாக வரைந்ததைப் பியர்சன் பரப்பாக வரையறுத்தார். இரண்டின் உள்ளீடும் ஒன்றே. ‘எத்தனை பேர்?’ என்ற கேள்விக்குப் பரப்பும், ‘ஓர் அலகுக்கு எத்தனை பேர்?’ என்ற கேள்விக்கு உயரமும் விடை தருகின்றன. ஒளிப்படத்திலுள்ள எந்த அட்டவணையை எடுத்தாலும், எல்லைகளை எழுத்தில் உறுதிசெய்து, அகலத்தால் வகுத்து, வரைந்தபின் பரப்புகளைக் கூட்டி மொத்தம் மீள்கிறதா எனப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரு வகுப்புகளை இணைத்தும் படத்தின் செய்தி புரளாமல் நின்றால், அந்தப் படத்தை நம்பிப் படிக்கலாம்.