வரி அடுக்கு ஏற்றம்

விலைவாசிக்கு ஈடாக மட்டுமே சம்பளம் உயர்ந்தாலும், வருமான வரிச் சட்டம் அதைக் கூடுதல் வருமானமாகவே கொள்கிறது. அடுக்குகள் பழைய எண்களிலேயே நிற்பதால், சம்பளத்தின் ஒரு பகுதி உயர்ந்த விகிதத்துக்குள் போய்விடுகிறது. வாங்கும் சக்தி மாறாமல் வரியின் பங்கு மட்டும் கூடும் இந்நிலையே வரி அடுக்கு ஏற்றம். 1970களின் கடும் பணவீக்கத்தில் மேலை நாடுகளில் இது அரசியல் பிரச்சினையாயிற்று. பிரிட்டனில் தொழிற்கட்சி உறுப்பினர்களான ஜெஃப் ரூக்கரும் ஆட்ரி வைஸும் 1977இல் தங்கள் கட்சி அரசையே எதிர்த்து, வரிவிலக்கு வரம்பை விலைவாசியோடு பிணைக்கும் திருத்தத்தை நிறைவேறச் செய்தனர். அமெரிக்கா 1981இல் சட்டமியற்றி, 1985 முதல் அடுக்குகளை ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப நகர்த்துகிறது.

இந்தியச் சட்டத்துக்கும் பணவீக்கத்தைக் கழிக்கத் தெரியும். 1992ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வந்த பிறகு, நீண்ட காலம் வைத்திருந்த நிலத்தையோ வீட்டையோ விற்றவர், வாங்கிய விலையை அரசு அறிவிக்கும் பணவீக்கக் குறியீட்டெண்ணின்படி உயர்த்திக்கொண்டு, மிஞ்சிய ஆதாயத்துக்கு மட்டும் வரி கட்டினார். 2024 ஜூலையில்தான் இந்தச் சலுகை பெருமளவு குறைக்கப்பட்டது. சம்பளக்காரருக்கோ அது ஒருபோதும் கிடைத்ததில்லை. அதே குறியீட்டெண்ணைச் சம்பளத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். 2012-13இல் அது 200, 2024-25இல் 363. முதல் ஆண்டில் வரிக்குரிய வருமானம் 10 லட்சம் ரூபாய் உள்ளவருக்கு, செஸ் நீங்கலாக வரி 1,30,000 ரூபாய், அதாவது 13 விழுக்காடு. விலைவாசிக்கு ஈடாக அவர் வருமானம் 18.15 லட்சமானால், பழைய வரிமுறையில் 2024-25க்கான வரி 3,57,000 ரூபாய், ஏறக்குறைய 19.7 விழுக்காடு. இடையில் விலக்கு வரம்பு இரண்டரை லட்சமானது, கீழடுக்கின் விகிதம் பாதியானது. இந்தச் சலுகைகளைச் சேர்த்த பிறகும் கணக்கு இப்படித்தான் வருகிறது. காரணம், 30 விழுக்காட்டு அடுக்கு 10 லட்சத்திலேயே நின்றதுதான். இந்தக் குறியீட்டெண்ணும் நுகர்வோர் விலை உயர்வில் முக்கால் பங்கை மட்டுமே கணக்கில் எடுப்பது. எனவே உண்மைச் சுமை இதைவிட அதிகம்.

அரசு அவ்வப்போது அடுக்குகளைத் திருத்துகிறதே என்பார்கள். உண்மைதான். 2025-26க்கான புதிய வரிமுறையில் அதே 18.15 லட்சத்துக்கு வரி 1,63,000 ரூபாய்தான். இழந்ததற்கு மேலாகவே விகிதம் குறைந்திருக்கிறது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய முறையில் கூடுதலாகக் கட்டிய வரி திரும்பாது. புதிய அடுக்குகளும் விலைவாசியோடு பிணைக்கப்படவில்லை. நாளை முதல் அவையும் தேயும். பிணைத்தால் அரசின் வருவாய் சுருங்கும் என்ற வாதம் இதைவிட வலுவானது. ஆயினும் பிணைத்த பிறகும் வருமானம் உயரும் அளவுக்கு வரியும் உயரும். உண்மை வளர்ச்சி இருந்தால் அதற்கு மேலும் உயரும். நின்றுபோவது, எந்த விவாதமும் இன்றிக் கூடும் பங்கு மட்டுமே. அந்தப் பங்கு அரசுக்குத் தேவையெனில் கேட்டுப் பெற வழியுண்டு: பிரிட்டன் 2021இல் வரம்புகளை உறைய வைத்தபோது, அதற்கென நாடாளுமன்றத்தில் சட்டப் பிரிவு கொண்டுவர வேண்டியிருந்தது. இந்தியாவில் ஆண்டுதோறும் வரும் நிதிச் சட்டத்தில் பழைய எண்களையே மீண்டும் எழுதினால் போதும்.