கைபேசி பேட்டரி: சார்ஜ் ஏன் சீக்கிரம் இறங்குகிறது?

கைபேசியில் சார்ஜ் நிற்காமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு. அதிக வெளிச்சத்தில் எரியும் திரை ஒன்று. செல்போன் டவரோடு தொடர்பில் இருக்கும் ரேடியோ இன்னொன்று. சும்மா கிடக்க வேண்டிய போனைத் தூங்கவிடாத ஆப் மூன்றாவது. பேட்டரிக்கே வயதாகிவிட்டால் இந்த மூன்றையும் அடக்கியும் பலன் குறைவுதான். போனில் இருக்கும் நூற்றுக்கணக்கான செட்டிங்குகளில் இவற்றைத் தொடுபவை மட்டுமே சார்ஜைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மிச்சப்படுத்துகின்றன.

இன்று பரவலாக விற்கும் 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் ஏறத்தாழ 19 வாட் மணி ஆற்றல் இருக்கிறது. போன் சராசரியாக 1 வாட் இழுத்தால் 19 மணி நேரம் ஓடும். 2 வாட் இழுத்தால் பத்து மணி நேரத்துக்குள் படுத்துவிடும். திரை அணைந்து, எந்த ஆப்பும் தொந்தரவு செய்யாமல் நன்றாகத் தூங்கும் போனுக்கு 0.1 வாட் அளவே தாராளம். அந்தக் கணக்கில் ஒரு சார்ஜ் ஒரு வாரம் தாங்க வேண்டும். தாங்குவதில்லை என்றால், அந்த இடைவெளியை யார் தின்கிறார்கள் என்பதே கேள்வி.

திரை

போனைக் கையில் வைத்துப் பயன்படுத்தும் நேரத்தில் பல சமயம் முதல் செலவாளி திரைதான். வீட்டுக்குள் பாதி வெளிச்சத்தில் அடக்கமாக இருக்கும் திரை, வெயிலில் முழு வெளிச்சத்துக்கு ஏறும்போது பல மடங்கு மின்சாரம் கேட்கிறது. ஆகவே வெளிச்சத்தைக் குறைப்பதே எல்லா செட்டிங்கிலும் பலன் அதிகம் தருவது. தானாக வெளிச்சத்தை மாற்றும் வசதியை அணைத்துவிட்டுக் கையால் அதிகமாக வைத்திருப்பவர்கள், வெளியே போகும்போது ஏற்றிய வெளிச்சத்தை உள்ளே வந்ததும் இறக்க மறந்துவிடுகிறார்கள். அந்த வசதியை இயக்கி வைப்பது பெரும்பாலானோருக்கு லாபம். தொடாமல் விட்டால் திரை அணையும் நேரத்தை இரண்டு நிமிடத்திலிருந்து முப்பது வினாடிக்கு மாற்றுவதும் அதே வகை.

டார்க் மோட் பற்றிச் சொல்லப்படுவதில் பாதி உண்மை. ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. கறுப்பாகத் தெரியும் புள்ளி அணைந்தே கிடக்கிறது. எல்சிடி திரையிலோ பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிகிறது. முன்னால் கறுப்போ வெள்ளையோ, செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். எனவே எல்சிடி போனில் டார்க் மோட் கண்ணுக்கு இதமாக இருக்கலாம், பேட்டரிக்குப் பயன் இல்லை.

ஓஎல்இடி போனிலும் பலன் வெளிச்சத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் கூகுள் மேப்ஸ், யூடியூப், காலண்டர் உள்ளிட்ட ஆறு ஆப்களை வைத்து இதை அளந்தார்கள். முழு வெளிச்சத்தில் டார்க் மோட் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சப்படுத்தியது. பெரும்பாலானோர் வீட்டுக்குள் வைத்திருக்கும் 30 முதல் 50 சதவீத வெளிச்சத்திலோ மிச்சம் 3 முதல் 9 சதவீதம்தான். வெயிலில் நின்று வேலை பார்ப்பவருக்கு டார்க் மோட் பெரிய உதவி. அறைக்குள் உட்கார்ந்து படிப்பவருக்கு அது சில்லறை.

சிக்னல்

பலர் கவனிக்கத் தவறும் காரணம் இது. டவர் அருகில் இருந்தால் போன் மிகக் குறைந்த சக்தியில் பேசினாலே போதும். டவர் தூரமாகப் போகப் போக, அல்லது நடுவில் கான்கிரீட் சுவர் வர வர, போன் சிக்னலை அனுப்பும் சக்தியை ஏற்றிக்கொண்டே போகிறது. சாதாரண 4ஜி போனுக்கு அதன் உச்சம் ஆன்டெனாவில் 0.2 வாட். அதை உண்டாக்கும் பெருக்கி, வெளியே அனுப்புவதைவிட அதிகமான மின்சாரத்தைச் சூடாக வீணாக்குகிறது. சிக்னல் மோசமான இடத்தில் தரவும் மெதுவாகவே போகும். தவறியதைத் திரும்ப அனுப்ப வேண்டியும் வரும். அதனால் அதிக சக்தியில் இயங்கும் ரேடியோ அதிக நேரமும் இயங்குகிறது. ரயிலில் ஊர் போய்ச் சேர்வதற்குள் வழக்கத்தைவிட வேகமாகச் சார்ஜ் இறங்குவதற்கும், போன் சுடுவதற்கும் இதுவே முக்கியக் காரணம்: உலோகப் பெட்டி சிக்னலைத் தடுக்கிறது, போனோ டவர் விட்டு டவர் தாவிக்கொண்டே இருக்கிறது.

இன்னொரு செலவும் இதில் ஒளிந்திருக்கிறது. ஒரு சிறு செய்தி வந்து முடிந்ததும் ரேடியோ உடனே தூங்கிவிடுவதில்லை. அடுத்த செய்தி வரக்கூடும் என்று சில வினாடிகள் விழித்தபடி காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு 10 வினாடி என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரைத் தொடும் ஒரு ஆப், தூக்கிச் செல்வது சில எழுத்துகளே ஆனாலும், ஒவ்வொரு நிமிடத்திலும் ஆறில் ஒரு பங்கு நேரம் ரேடியோவை விழிக்க வைக்கிறது.

வீட்டிலும் அலுவலகத்திலும் மொபைல் டேட்டாவுக்குப் பதில் வைஃபையில் இருப்பது இங்கே கைகொடுக்கும். 5ஜி வந்து வந்து போகும் பகுதியில் போனை 4ஜிக்கு மாற்றி வைத்தால் இரண்டு நெட்வொர்க்குகளுக்கு நடுவே அலைவது குறையும். உள்ளே சிக்னலே எட்டாத வீட்டில் வைஃபை காலிங்கை இயக்கலாம். சிக்னல் அறவே இல்லாத இடத்தில் மணிக்கணக்கில் இருக்க நேர்ந்தால், தேடித் தேடிக் களைக்கவிடாமல் ஃப்ளைட் மோடில் போடுவது நல்லது.

தூங்கவிடாத ஆப்கள்

2015 அக்டோபரில் ஐபோன் வைத்திருந்த பலர் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். ஃபேஸ்புக் ஆப்புக்குப் பின்னணி இயக்கத்தையே தடுத்து வைத்திருந்தும், பேட்டரிப் பட்டியலில் அது பல மணி நேரம் பின்னணியில் ஓடியதாகக் காட்டியது. அந்நிறுவனத்தின் பொறியாளர் ஆரி கிராண்ட் அதே மாதம் இரண்டு பிழைகளை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு விளக்கினார். முதலாவது, நெட்வொர்க் நிரலில் ஒரு சுழல்: காரில் உட்கார்ந்த குழந்தை “ஊர் வந்துருச்சா, ஊர் வந்துருச்சா?” என்று ஓயாமல் கேட்பதுபோல, பயனற்ற ஒரே கேள்வியை ஆப் செயலியிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டாவது இன்னும் நுட்பமானது. வீடியோ பார்த்துவிட்டு ஆப்பை விட்டு வெளியேறிய பிறகும் அதன் ஒலித் தொடர்பு மூடப்படாமல் இருந்தது. பாட்டு ஓடுகிறது என்று நம்பிய போன், சத்தமே இல்லாத அந்த ஆப்பை விழித்திருக்க அனுமதித்தது. திருத்தம் புதிய பதிப்பாக வந்தது. ஆப்பை அப்டேட் செய்வது சில நேரம் எந்த செட்டிங்கையும்விடப் பெரிய தீர்வு என்பதற்கு இது நல்ல சான்று.

ஆண்ட்ராய்டில் 2015இல் வந்த 6.0 பதிப்பு முதல் டோஸ் என்ற ஏற்பாடு உண்டு. போன் அசையாமல், திரை அணைந்து கிடக்கும்போது, அது ஆப்களின் வேலைகளை ஒத்திப்போட்டு, அவ்வப்போது சிறிது நேரம் மட்டும் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ய விடுகிறது. “பேட்டரி கட்டுப்பாடு வேண்டாம்” என்று ஒரு ஆப்புக்கு விலக்கு கொடுத்தால் இந்த ஏற்பாட்டில் ஓட்டை விழும். அவசரமாகத் தகவல் தர வேண்டிய ஒன்றிரண்டு ஆப்களுக்கு மேல் அந்த விலக்கு தேவைப்படுவதில்லை. லொகேஷன் அனுமதியும் அப்படியே. லொகேஷன் இயக்கத்தில் இருப்பது மட்டுமே சார்ஜைத் தின்பதில்லை. ஏதாவது ஒரு ஆப் இடத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் தின்கிறது. கடை ஆப்புக்கும் விளையாட்டு ஆப்புக்கும் “பயன்படுத்தும்போது மட்டும்” என்ற அனுமதி போதும்.

பலன் தராத பழக்கங்கள்

சமீபத்தில் திறந்த ஆப்களை எல்லாம் வரிசையாகத் தள்ளி மூடுவது பேட்டரியைக் காக்கும் என்ற நம்பிக்கை ஆழமானது. ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி 2016இல் ஒரு வாடிக்கையாளருக்கு எழுதிய பதிலில் அதற்குத் தேவையில்லை என்று தெளிவாக மறுத்தார். அந்தப் பட்டியலில் தெரியும் பெரும்பாலான ஆப்கள் உறைந்த நிலையில் நினைவகத்தில் இருக்கின்றன, செயலியைத் தொடுவதில்லை. மூடிவிட்டு மீண்டும் திறக்கும்போதுதான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டியிருக்கிறது. சும்மா இருக்கும் புளூடூத்தை அணைப்பதிலும் கணக்கில் வரும் மிச்சம் இல்லை.

மாறாக, லோ பவர் மோட் அல்லது பேட்டரி சேவர் என்ற ஒரே பொத்தான் பல உண்மையான செலவுகளை ஒன்றாகப் பிடிக்கிறது. ஐபோனில் அது பின்னணிப் புதுப்பிப்பை நிறுத்துகிறது, திரையை 30 வினாடியில் அணைக்கிறது, 120 ஹெர்ட்ஸ் திரையை 60க்கு இறக்குகிறது. அதை 20 சதவீதத்துக்குக் காத்திராமல் காலையிலேயே போடலாம். போனுக்கு எந்தக் கேடும் இல்லை.

குற்றவாளியைக் கண்டுபிடிப்பது

இரவு பத்து மணிக்கு 100 சதவீதத்தில் வைத்த போன், காலை ஆறு மணிக்கு 78 காட்டுகிறது என்று கொள்வோம். எட்டு மணி நேரத்தில் 22 சதவீதம், அதாவது நான்கு வாட் மணிக்கு மேல். சராசரியாக அரை வாட். தூங்கும் போனுக்கு இது ஐந்து மடங்கு செலவு. திரை அணைந்திருந்ததால் திரைமேல் பழி போட முடியாது.

அடுத்த இரவு அதே நேரம் ஃப்ளைட் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்து வைக்க வேண்டும். காலையில் 97 இருந்தால் குற்றம் நெட்வொர்க் பக்கம். மூன்றாம் இரவு ஃப்ளைட் மோடிலேயே வைஃபையை மட்டும் இயக்கிப் பார்க்கலாம். அப்போதும் 96, 97 நின்றால் வீட்டின் சிக்னல்தான் பலவீனம். மறுபடி 80க்கு இறங்கினால் ஏதோ ஒரு ஆப் இணையத்தை ஓயாமல் தொடுகிறது. செட்டிங்கில் பேட்டரிப் பகுதியைத் திறந்தால் எந்த ஆப் பின்னணியில் எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியும். திறக்கவே செய்யாத ஆப் மேலே இருந்தால் அதுதான் தேடியது. ஃப்ளைட் மோடிலும் 80க்கு இறங்கினால் போனுக்குள்ளேயே ஓடும் ஏதோ ஒன்றையோ, பேட்டரியையோ சந்தேகிக்க வேண்டும்.

பேட்டரிக்கு வயதானால்

லித்தியம் அயான் பேட்டரி ஒவ்வொரு சார்ஜிலும் கொஞ்சம் கொள்ளளவை இழக்கிறது. சூடும், எப்போதும் 100 சதவீதத்திலேயே கிடப்பதும் அதை வேகப்படுத்துகின்றன. ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படியும், ஐபோன் 15 முதல் 1000 சுற்றுகளுக்குப் பிறகு அதே அளவைத் தக்கவைக்கும்படியும் வடிவமைக்கப்பட்டவை என்கிறது ஆப்பிள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்கும் போன்கள் 800 சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்பது விதி.

வயதான பேட்டரியில் உள் எதிர்ப்பும் கூடுகிறது. கேமராவைத் திறப்பதுபோல் திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் மின்னழுத்தம் சரிந்து, 20, 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் பட்டென்று அணைந்துவிடும். இதைத் தவிர்க்கப் பழைய ஐபோன்களின் வேகத்தை ஆப்பிள் சொல்லாமல் குறைத்தது 2017 டிசம்பரில் வெளிவந்து பெரும் சர்ச்சையானது. பேட்டரியின் நிலையைக் காட்டும் பக்கம் 2018இல் ஐபோனில் சேர்ந்ததற்கு அதுவே காரணம். அந்தப் பக்கத்தில் 80க்குக் கீழே எண் இருந்தால், அல்லது போன் இருக்கிற சார்ஜிலேயே அணைந்தால், பேட்டரியை மாற்றுவதுதான் வழி. பின்மூடி உப்பினாலோ திரை ஓரத்தில் தூக்கினாலோ எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. அதைச் சார்ஜில் போடாமல், அழுத்தாமல், அன்றே சர்வீஸ் சென்டரில் கொடுத்து மாற்றிவிட வேண்டும்.