வழித்தடத்திற்குத் தேவையான பேருந்துகளின் எண்ணிக்கை

ஒரு வழித்தடத்தில் குறித்த இடைவெளியில் பேருந்துகள் தொடர்ந்து கிளம்ப வேண்டுமானால் எத்தனை வண்டிகள் தேவை என்பதைச் சுற்று நேரம் தீர்மானிக்கிறது. ஒரு வண்டி ஒரு முனையிலிருந்து கிளம்பி, மறுமுனை சென்று, திரும்பி வந்து, அடுத்த நடைக்குத் தயாராகும் வரை ஆகும் மொத்த நேரமே சுற்று நேரம். இதில் இரு திசைகளிலும் ஓடும் நேரமும், இரு முனைகளிலும் நிற்கும் நேரமும் அடங்கும். சுற்று நேரத்தை விரும்பும் இடைவெளியால் வகுத்து, பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்த வேண்டும். அரைப் பேருந்தை ஓட்ட முடியாது.

சென்னையில் பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஓடும் 29C வழித்தடத்தை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் நேரங்கள் கணக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. அட்டவணையிலிருந்து எடுத்தவை அல்ல. பெரம்பூரிலிருந்து போக 70 நிமிடம், திரும்பி வர 74 நிமிடம், இரு முனைகளிலும் 8 நிமிட நிறுத்தம் என்றால் சுற்று நேரம் 160 நிமிடம். 12 நிமிடத்திற்கு ஒரு வண்டி வேண்டும் என்றால் 160-ஐ 12-ஆல் வகுக்க 13.3 வருகிறது. ஆகவே 14 வண்டிகள் வேண்டும்.

ஆனால் 14 வண்டிகள் 12 நிமிட இடைவெளியில் ஓடினால் சுற்று நேரம் 14 × 12 = 168 நிமிடம் ஆகிவிடும். கூடுதலாகக் கிடைக்கும் 8 நிமிடத்தை என்ன செய்வது என்பது அட்டவணை போடுபவரின் முடிவு. அதை இரு முனை நிறுத்தங்களிலும் பாதிப் பாதியாகச் சேர்க்கலாம். அல்லது நிறுத்த நேரத்தில் 4 நிமிடம் குறைத்து, சுற்றை 156 நிமிடமாக்கி, 13 வண்டிகளிலேயே முடிக்கலாம். ஒரு வண்டியும் அதற்கான ஓட்டுநர், நடத்துநர் செலவும் மிச்சம் என்பதால் இரண்டாவது வழி நிர்வாகங்களைப் பெரிதும் ஈர்க்கிறது. இடைவெளியை 12-லிருந்து 12.5 நிமிடமாக நீட்டினாலும் 13 வண்டிகள் போதும். முனை நிறுத்தத்தைத் தொடாததால் இதுவே மேலானது. கிளம்பும் நேரங்கள் நினைவில் நிற்காது என்பது இதன் குறை. ஆனாலும் இவ்வளவு அடிக்கடி ஓடும் தடத்தில் பயணிகள் நேரம் பார்த்து வருவதில்லை.

முனை நிறுத்தத்தை வீண் நேரம் என்று கருதுவதுதான் இந்தக் கணக்கில் நேரும் மிகப் பெரிய பிழை. ஓடும் நேரமான 144 நிமிடத்தை மட்டும் 12-ஆல் வகுத்தால் சரியாக 12 வண்டிகள் என்று வரும். தாளில் அழகாகத்தான் இருக்கும். முதல் வண்டி காலை 6 மணிக்குக் கிளம்புகிறது. அட்டவணைப்படி அதன் இரண்டாவது சுற்று 8.24-க்குத் தொடங்க வேண்டும். ஓட்டுநர் இரு முனைகளிலும் 8 நிமிடம் நின்றால் அது 8.40-க்குத்தான் கிளம்பும். அடுத்த சுற்று 10.48-க்குப் பதிலாக 11.20-க்கு. ஒவ்வொரு சுற்றிலும் 16 நிமிடம் ஏறிக்கொண்டே போகும். நண்பகலுக்குள் நேரக் காப்பாளர் ஏதாவது ஒரு நடையை ரத்து செய்தே ஆக வேண்டும். உண்மையில் பயணிக்குக் கிடைப்பது 160-ஐ 12-ஆல் வகுத்த 13.3 நிமிட இடைவெளிதான். வந்த வண்டியில் ஆள் இறங்கி முடிப்பதற்குள் அடுத்த நடைக்கு ஆள் ஏறும் காட்சி ஒரு முனையில் அன்றாடம் நடந்தால், அந்தத் தடத்தில் வண்டி போதவில்லை என்று அறியலாம்.

முனை நிறுத்தம் தாமதத்தையும் தடுத்து நிறுத்துகிறது. சராசரியாக 74 நிமிடத்தில் முடியும் நடை சில நாள் 82 நிமிடம் எடுக்கும். 8 நிமிட நிறுத்தம் இருந்தால் அடுத்த நடை சரியான நேரத்தில் கிளம்பும். இல்லாவிட்டால் தாமதம் அடுத்த நடைக்குத் தொற்றும். பிந்திய வண்டிக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதிகக் கூட்டம் காத்திருக்கும், அதனால் அது இன்னும் பிந்தும். பின்னால் வரும் வண்டி காலியாக ஓடி அதை நெருங்கிவிடும். 12 நிமிடத்திற்கு ஒன்று என்பது 4 நிமிடம், 20 நிமிடம் என்று மாறி மாறி வந்தாலும் மணிக்கு 5 வண்டி என்ற கணக்கு மாறாது. ஆனால் பயணியின் சராசரிக் காத்திருப்பு 6 நிமிடத்திலிருந்து ஏறக்குறைய 8.7 நிமிடமாக உயரும், ஏனெனில் நிறுத்தத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அந்த 20 நிமிட இடைவெளிக்குள்தான் வந்து சேர்வார்கள். ஆகவே சராசரி ஓடும் நேரத்தை மட்டும் வைத்து நிறுத்த நேரத்தை முடிவு செய்யக் கூடாது. பத்தில் ஒன்பது நடைகள் எவ்வளவு நேரத்திற்குள் முடிகின்றன என்று பார்த்து, அதற்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தையாவது முனையில் விட வேண்டும்.

நெரிசல் நேரத்தில் வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் சேர்ந்தே மாறுகின்றன. ஓடும் நேரம் கூடுகிறது, இடைவெளியோ குறைய வேண்டியிருக்கிறது. சுற்று நேரம் 196 நிமிடமாகி, 8 நிமிட இடைவெளி வேண்டுமென்றால் சூத்திரம் 25 வண்டி என்கிறது. ஆனால் அந்த 8 நிமிட இடைவெளி காலை 8 முதல் 10 மணி வரை மட்டும், மற்ற நேரத்தில் 12 நிமிடம் என்றால் 25 தேவையில்லை. 8 மணிக்குக் கிளம்பிய வண்டி 11.16-க்குத்தான் மறுபடி தயாராகும். அதற்குள் கிளம்பும் நடைகளை எண்ணினால் போதும்: 8-லிருந்து 9.52 வரை 15, 10-லிருந்து 11.12 வரை 7, ஆக 22. 11.24 நடையை முதல் வண்டியே எடுத்துக்கொள்ளும். நெரிசல் காலம் சுற்று நேரத்தைவிடக் குறுகியதாக இருக்கும்போது சூத்திரம் மிகையாகக் காட்டக்கூடும். ஒரு சுற்று நேரத்திற்குள் அதிகபட்சமாக எத்தனை நடைகள் கிளம்புகின்றன என்று எண்ணும் முறையே துல்லியமானது.

இந்தியாவில் 2025 வரை இந்தக் கணக்கோடு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961-ம் சேர்ந்துகொண்டது. நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று அது வரையறுத்தது. முனையில் வெறுமனே காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்திற்குக் குறைவாக இருந்தால் அதையும் வேலை நேரமாகவே கொண்டது. தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்காமல் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது. நமது எடுத்துக்காட்டில் 168 நிமிடச் சுற்று இரண்டு முறை என்றால் 5 மணி 36 நிமிடம். எனவே அந்த விதிப்படி இரண்டாவது சுற்று முடிவதற்குள் எங்காவது அரை மணி ஓய்வு வந்தே தீரும். வண்டியும் ஓட்டுநரோடு சேர்ந்து நின்றால், 12 நிமிட நிறுத்தம் 30 ஆகி அந்தச் சுற்று 186 நிமிடமாக நீளும். 12 நிமிட இடைவெளியைக் காக்க 14-க்குப் பதில் 16 வண்டி வேண்டும். மாற்று ஓட்டுநரும் நடத்துநரும் முனையிலேயே காத்திருந்து வண்டியை எடுத்துச் சென்றால் 14 போதும். வண்டியை வாங்குவதா, ஆளை வைப்பதா என்பதுதான் இங்கே உள்ள தேர்வு. பல பணிமனைகள் மூன்றாவது வழியைப் பிடிக்கின்றன. கூட்டம் குறையும் முற்பகலில் இடைவெளியை 15 நிமிடமாக நீட்டி, அப்போது விடுபடும் வண்டிகளை முறை வைத்து நிறுத்தி ஓய்வு கொடுக்கிறார்கள்.

இதுவரை வந்த எண்கள் எல்லாம் சாலையில் ஓட வேண்டிய வண்டிகளுக்கானவை. பணிமனையில் பராமரிப்புக்கு நிற்பவையும், நடுவழியில் பழுதானதற்குப் பதிலாக அனுப்பப்படும் ஸ்பேர் வண்டிகளும் இதற்கு மேல். அவற்றைத் தடத்துக்குத் தடம் தனித்தனியே கணக்கிட்டால் ஒவ்வொன்றிலும் பின்னத்தை உயர்த்த வேண்டி வந்து தேவைக்கு மேல் சேர்ந்துவிடும். எனவே உச்ச நேரத் தேவையைப் பணிமனை முழுவதற்கும் கூட்டிய பிறகு, அதன் விழுக்காடாக ஸ்பேர் வண்டிகளை ஒரே தடவையில் சேர்ப்பதே முறை.