பட்டாசு ஆலை விபத்தில் கை போனால்... டாக்டர் எழுதும் சதவீதம் எப்படி லட்சங்களை மாற்றும்?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்றால் உயிரிழந்தவர்களின் எண்ணிக்கைதான் முதலில் செய்தியாகும். உயிர் பிழைத்து, கையில் காயத்தோடு வீடு திரும்புபவர்களுக்கு அதன் பிறகுதான் பிரச்சினையே ஆரம்பிக்கிறது. இழப்பீடு எவ்வளவு, பழைய வேலைக்குத் திரும்ப முடியுமா என்ற இரண்டையும் பெரும்பாலும் ஒரே ஒரு தாள் முடிவு செய்துவிடும். அது மருத்துவர் எழுதித் தரும் மதிப்பீட்டுச் சான்று. அதில் என்ன இருக்க வேண்டும், எங்கே தவறு நடக்கிறது? பார்க்கலாம்.

சான்றை எப்போது வாங்க வேண்டும்?

காயம் ஆறி, கட்டுப் பிரித்த உடனே சதவீதம் போட்டுவிடக் கூடாது. வெடி விபத்தில் கை எலும்பு உடைவதோடு தோலும் வெந்துபோகிறது. வெந்த தோல் ஆறும்போது இறுகிச் சுருங்கும். இன்று நன்றாக மடங்கும் விரல், நான்கு மாதம் கழித்து உள்ளங்கையோடு ஒட்டியது போல இழுத்துக்கொள்ளலாம். தழும்பு முதிர்ந்து அடங்க ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். இனி சிகிச்சையால் பெரிய முன்னேற்றம் இல்லை என்ற நிலை வந்த பிறகு எழுதுவதே நிரந்தர ஊன மதிப்பீடு.

அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி? தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ன்படி, வேலை செய்ய முடியாத காலத்தில் 15 நாளுக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25% முதலாளி தர வேண்டும். 12,000 ரூபாய் சம்பளம் என்றால் 15 நாளுக்கு 3,000 ரூபாய். சிகிச்சைச் செலவு தனி. அதனால் அவசரப்பட்டு சான்று வாங்க வேண்டியதில்லை. ஆனால், விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் இழப்பீடு கோரி மனு போட்டுவிட வேண்டும்.

பட்டியலில் எந்த விரலுக்கு எவ்வளவு?

சட்டத்தின் முதல் அட்டவணையில், எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனதாகக் கணக்கு என்று இருக்கிறது. கட்டைவிரல் முழுதாகப் போனால் 30%. ஆள்காட்டி விரல் 14%, நடுவிரல் 12%, மோதிர விரலோ சுண்டு விரலோ 7%. ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20%, நான்கு விரல் போனால் 50%, ஒரு கை முழுதாகப் போனால் 60%. விரல் இருந்தும் நிரந்தரமாக, முற்றிலும் பயன்படாமல் போயிருந்தால், அதையும் விரல் போனதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பட்டியல் வலது கை, இடது கை என்று பிரிப்பதில்லை. மணிக்கட்டு விறைப்பு, தோல் இழுப்பு, உணர்ச்சி இல்லாமை போன்றவையும் அதில் இல்லை. பட்டியலில் இல்லாத காயங்களுக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவரே மதிப்பிட வேண்டும் என்கிறது சட்டம். ஒரே விபத்தில் பல காயம் இருந்தால் எல்லாவற்றையும் கூட்டலாம், 100%-ஐத் தாண்டக் கூடாது. மருத்துவர் எழுதாத காயத்துக்கு எதுவும் கிடைக்காது.

ஓர் உதாரணக் கணக்கு

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 30, மருந்து செலுத்தும் வேலை, மாதச் சம்பளம் 12,000 ரூபாய். 2024-ல் நடந்த விபத்தில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கட்டைவிரல் பாதிதான் மடங்குகிறது. முன்கை முழுக்க ஒட்டுத்தோல், மணிக்கட்டு விறைத்துவிட்டது.

சம்பளத்தில் 60% என்றால் 7,200 ரூபாய். 30 வயதுக்குச் சட்டம் தரும் பெருக்கு எண் 207.98. இரண்டையும் பெருக்கினால் 14,97,456 ரூபாய். இது முழு ஊனத்துக்கான தொகை. சான்றில் "இரண்டு விரல் இழப்பு, 20%" என்று மட்டும் இருந்தால் அவருக்குக் கிடைப்பது 2,99,491 ரூபாய். கட்டைவிரல், மணிக்கட்டு, முன்கை பாதிப்பையும் அளந்து மருத்துவர் 40% என்று எழுதினால் 5,98,982 ரூபாய். காயம் அதேதான். சான்றில் விடுபட்ட சில வரிகளால் சுமார் 3 லட்சம் ரூபாய் வித்தியாசம் வருகிறது.

(2025 நவம்பர் 21 முதல் 1923 சட்டத்தின் இடத்துக்கு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. காயப் பட்டியலும் 60% கணக்கும் அதிலும் உண்டு.)

நல்ல சான்றில் என்ன இருக்கும்?

முதலில் எந்தக் கை, அவர் எந்தக் கைக்காரர் என்பது. பிறகு அளவுகள். ஒவ்வொரு மூட்டும் எத்தனை டிகிரி மடங்குகிறது, பிடிமானம் எத்தனை கிலோ, நல்ல கையில் அது எவ்வளவு, விரல் நுனியில் உணர்ச்சி இருக்கிறதா என்று எழுத வேண்டும். "அசைவு குறைவு" என்று மட்டும் எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் "எவ்வளவு குறைவு?" என்று கேட்கும்போது பதில் இருக்காது.

அடுத்து வேலை. "பட்டாசுத் தொழிலாளி" என்பது போதாது. மருந்து செலுத்துகிறாரா, திரி வைக்கிறாரா, பேக்கிங்கா என்று இருக்க வேண்டும். உணர்ச்சி இல்லாத விரலால் மருந்தைக் கையாளும்போது உரசலோ சூடோ தெரியாது. அது அவருக்கு மட்டுமல்ல, அதே அறையில் இருப்பவர்களுக்கும் ஆபத்து. அதனால் "லைட் வேலை பார்க்கலாம்" என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. "மருந்து கலக்கும், செலுத்தும் வேலைக்குத் தகுதியில்லை, இத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது" என்று தெளிவாக இருக்க வேண்டும்.

வேலைக்கும் சதவீதத்துக்கும் என்ன தொடர்பு என்பதை உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் ஒரு தச்சர் இடது கையை இழந்தார். இது பகுதி ஊனம்தான் என்றது முதலாளி தரப்பு. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே 100% இழப்பு என்றது நீதிமன்றம்.

மாற்றுத்திறனாளி சான்றில் உள்ள சதவீதம் போதாதா?

போதாது. அது அரசு நலத்திட்டங்களுக்காக உடல் பாதிப்பை அளப்பது. இழப்பீட்டுக்குத் தேவை சம்பாதிக்கும் திறன் இழப்பு. வெறுமனே "ஊனம் 30%" என்று இருந்தால், அது கைக்கா, முழு உடலுக்கா, சம்பாதிக்கும் திறனுக்கா என்று குழப்பம் வரும். இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்று 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வாகன விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது.

இஎஸ்ஐ இருந்தால்?

இஎஸ்ஐ பதிவு இருந்தால் அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கோர முடியாது. இஎஸ்ஐ மருத்துவக் குழு இழப்புச் சதவீதத்தை முடிவு செய்யும். நிரந்தர ஊனம் என்றால் வாழ்நாள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். நாள் சம்பளம் 400 ரூபாய் என்றால் அதில் 90%, அதாவது 360 ரூபாய்தான் அடிப்படை. 20% என்றால் நாளுக்கு 72 ரூபாய், 40% என்றால் 144 ரூபாய். இங்கேயும் குழு முன் போகும்போது பழைய எக்ஸ்ரே, ஆபரேஷன் குறிப்பு, பிசியோதெரபி பதிவு எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

சான்று கைக்கு வந்ததும் அங்கேயே படித்துப் பாருங்கள். எந்தக் கை, என்ன வேலை, எல்லாக் காயமும் எழுதியிருக்கிறதா, சதவீதம் எதற்கு என்று இருக்கிறதா? ஏதாவது விட்டுப்போயிருந்தால் ஆணையரிடம் தாக்கல் செய்வதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிச் சேர்க்கச் சொல்லலாம்.