என்எம்டிஎஸ் படமும் ஸ்ட்ரெஸ் மதிப்பும்: எது எதற்குச் சான்று?

‘ஸ்ட்ரெஸ் 0.12, ஆகவே குழுக்கள் தெளிவாகப் பிரிந்துள்ளன’ என்ற பாங்கில் அமைந்த முடிவுகளைச் சூழலியல் கட்டுரைகளில் அடிக்கடி காண்கிறோம். அந்த வாக்கியத்தின் முன்பாதி பின்பாதிக்குச் சான்றாகாது என்பதே என் வாதம்.

vegan தொகுப்போடு வரும் dune தரவை எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்தின் டெர்ஸ்செலிங் தீவுப் புல்வெளிகளில் 20 கட்டங்கள், அவற்றில் 30 தாவர இனங்கள்.

```r
library(vegan)
data(dune)
set.seed(1)
m <- metaMDS(dune, distance = "bray", k = 2)
m$stress
stressplot(m)
```

கிடைக்கும் ஸ்ட்ரெஸ் சுமார் 0.118. 20 கட்டங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 190 இணைகள். பிரே–கர்ட்டிஸ் வேறுபாட்டின்படி அந்த இணைகளுக்கு ஒரு தரவரிசை உண்டு. படத்திலுள்ள தூரங்கள் அதே வரிசையிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதை ஸ்ட்ரெஸ் அளக்கிறது. அவ்வளவே அதன் வேலை. 0.2-க்குக் கீழிருந்தால் படம் பயன்படும், 0.1-க்குக் கீழிருந்தால் நன்று என்று 1993இல் கிளார்க் தந்த வரம்புகள் வழிகாட்டிகள்தாம். கட்டங்களின் எண்ணிக்கை கூடக்கூட ஸ்ட்ரெஸ்ஸும் இயல்பாக ஏறும். மறுபுறம், ஏறத்தாழ 0 என்று வந்தால் மகிழ வேண்டாம்: தரவு மிகக் குறைவாக இருக்கலாம், அல்லது பிறவற்றோடு ஓர் இனத்தையும் பகிராத ஒரு கட்டம் தனியே தூர விலகி, மற்றவை ஒரே புள்ளியில் குவிந்திருக்கலாம். படத்தைப் பார்த்தாலே இது புலப்படும்.

stressplot காட்டும் ‘நான்-மெட்ரிக் ஃபிட்’ R² இங்கே 0.986. இதை ‘98.6 விழுக்காடு மாறுபாடு விளக்கப்பட்டது’ என்று எழுதுவது பெரும் பிழை. அது 1 − 0.118² மட்டுமே, ஸ்ட்ரெஸ்ஸையே வேறு உடையில் சொல்கிறது. அச்சுகளுக்கும் விழுக்காடு கிடையாது. படத்தைச் சுழற்றினாலும் கவிழ்த்தாலும் பொருள் மாறாது. புள்ளிகளின் அண்மையை மட்டுமே வாசிக்க வேண்டும்.

குழுக்கள் வேறுபடுகின்றனவா என்ற கேள்விக்குப் படத்திலிருந்து அல்ல, மூல வேறுபாட்டு அணியிலிருந்தே விடை வர வேண்டும். முடிவுகள் பகுதியில் இப்படி எழுதலாம்:

“உருமாற்றம் செய்யாத தரவில், பிரே–கர்ட்டிஸ் வேறுபாட்டைக் கொண்டு இரு பரிமாண என்எம்டிஎஸ் வரையப்பட்டது (ஸ்ட்ரெஸ் 0.12). மேலாண்மை வகைகளுக்கிடையே இனக்கூட்டமைவு வேறுபட்டது (பெர்மனோவா: F = 2.77, R² = 0.34, p < 0.01, 999 வரிசைமாற்றங்கள்).”

இதோடு நிறுத்தவும் கூடாது. இயற்கைப் பாதுகாப்புக்காகப் பராமரிக்கப்படும் NM வகையின் 6 கட்டங்களில் ஈரமானவையும் வறண்டவையும் உண்டு. படத்திலும் அவை பரந்து கிடக்கின்றன. குழுக்களின் சிதறல் சமமில்லாதபோதும் பெர்மனோவா குறிப்பிடத்தக்க முடிவைத் தரக்கூடும், குறிப்பாகக் குழு அளவுகள் இங்குபோல 3 முதல் 6 வரை வேறுபடும்போது. ஆகவே betadisper முடிவையும் அதே பத்தியில் தர வேண்டும். அது இல்லாத கட்டுரையில் ‘குழுக்கள் பிரிந்துள்ளன’ என்ற கூற்றை மதிப்பீட்டாளர் ஏற்கக் கூடாது.