ஒரு லிட்டர் என்றால் எவ்வளவு?

1971-இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். எல்லைப் பக்கத்து ஊரான பன்காவில் காலரா பரவியது. அங்கிருந்த ஆஸ்பத்திரியில் படுக்கைகள் 16 மட்டுமே. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மகாலானபிஸ் என்ற குழந்தை மருத்துவர் சமையல் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் கல்கத்தாவில் எடை போட்டுப் பொட்டலம் கட்டி எடுத்துப்போனார். அதைப் பீப்பாய்த் தண்ணீரில் கரைத்து, கூட வந்த உறவினர்கள் கையாலேயே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்க வைத்தார். நூற்றுக்கு 30 பேர் அளவில் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது.

நம் வீட்டு மேசை டிராயரில் கிடக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் பூர்வ கதை இதுதான். இதற்குள் இருக்கும் விஞ்ஞானம் பெரியது. குடலில் உப்பு தனியாகப் போனால் பேதியின்போது உள்ளே ஏறாது. கூடவே கொஞ்சம் சர்க்கரை போனால் இரண்டும் ஜோடியாகக் குடல் சுவருக்குள் நுழையும், தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும். காலரா விஷம்கூட அந்த ஒரு வாசலை மட்டும் அடைப்பதில்லை. ஆனால் விஞ்ஞானத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதை அடுப்படியில் நிற்கும் ஒரு தாய் செய்கிற காரியமாக மாற்றுவது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவது வேலையின் ஒரு சின்ன மூலையில் நானும் சில மாதங்கள் இருந்தேன்.

1987. சுகாதாரத் துறையில் கிராமங்களுக்குப் போய் விளக்கம் சொல்கிற பிரிவில் இருந்தேன். மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு குழந்தை மருத்துவர் வந்து எங்களுக்கு அரை நாள் வயிற்றுப்போக்கைப் பற்றி வகுப்பு எடுத்தார். அருமையான வகுப்பு. நான் எடுத்த குறிப்பு 14 பக்கம் வந்தது. நீரிழப்பின் மூன்று நிலைகள், நோய்க்கிருமிகளின் பட்டியல், குடல் சுவரின் படம், கடைசியில் சிகிச்சை. இதை ஒரே தாளில், இரண்டு பக்கத்தில், தாய்மார்களுக்கான துண்டுப் பிரசுரமாக ஆக்கித் தரும்படி மேலதிகாரி என்னிடம் சொன்னார்.

பாடத்தை வாத்தியார் காரணத்தில் தொடங்கி வைத்தியத்தில் முடிப்பார். அது மாணவனுக்குச் சரி. குழந்தை தண்ணியாகப் போய்க்கொண்டிருக்கிற வீட்டில் கிருமியின் பெயரை யார் கேட்கப்போகிறார்கள்? அதனால் 14 பக்கத்தையும் வைத்துக்கொண்டு, எந்த வரியில் தாயின் கை ஏதாவது செய்கிறது என்று பார்த்து, அவற்றின் அடியில் மட்டும் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். கரைப்பது, கொடுப்பது, நிறுத்தாமல் சாப்பாடு தருவது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது. ஒன்றரைப் பக்கம்தான் தேறியது.

கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோய்க் காட்டியபோது டாக்டர் சிரித்தார். "என்ன சார், என் பாடத்துல முக்கால்வாசியைத் தூக்கிட்டீங்க?" என்றார். பிறகு நிதானமாகப் படித்துவிட்டு, ஒரே ஒரு வாக்கியத்தின் இடத்தை மாற்றச் சொன்னார். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் அவர் போகிறபோக்கில் சொன்ன வாக்கியம் அது: இந்தக் கரைசல் பேதியை நிறுத்தாது. "இதை மேலே கொண்டு வாங்க. இல்லேன்னா ரெண்டு தம்ளர் கொடுத்துப் பார்த்துட்டு, நிக்கலையேன்னு விட்டுடுவாங்க. உடம்பிலிருந்து போற தண்ணியைத் திருப்பி வைக்கிறதுதான் இதோட வேலை. பேதி தானா ரெண்டு மூணு நாள்ல நிக்கும்."

எனக்குத் தெரிந்து, அந்தத் தாளிலேயே அதிகம் வேலை செய்த வரி அதுதான். வீடுகளில் கரைசலைக் கைவிட்டதற்கு நாங்கள் கேட்ட முதல் காரணம், "கொடுத்தோம், நிக்கலை" என்பதே.

அடுத்தது அளவு. ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்பதைப் படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் ஒரு கிராமத்தில் சில வீடுகளுக்குப் போய், தாளைக் கொடுத்து, எதுவும் சொல்லாமல் கரைத்துக் காட்டச் சொன்னோம். ஒரு வீட்டில் பித்தளைச் செம்பு, ஒரு வீட்டில் மண்ணெண்ணெய் வாங்கும் பாட்டிலின் அளவு, இன்னொரு வீட்டில் எவர்சில்வர் தம்ளர். அந்தத் தம்ளரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்கிவிட்டார் அந்த அம்மா. தம்ளர் 200 மில்லி பிடித்தால், கரைசல் இருக்க வேண்டியதைவிட ஐந்து மடங்கு கெட்டி. கெட்டியாக இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். நேர்மாறு. உப்பும் சர்க்கரையும் அதிகமாக உள்ள தண்ணீர் குடலுக்குள் போனால் உடம்பிலிருக்கும் தண்ணீரையும் வெளியே இழுக்கும். பேதி கூடும், ரத்தத்தில் உப்பு ஏறும், குழந்தை அடங்காத தாகத்தோடு துவளும். தண்ணீர் கூடிப் போனால் வேறு தொல்லை: குழந்தை குடிக்கும், உடம்பில் சேர வேண்டிய உப்பு சேராது.

"ஐந்து தம்ளர்" என்று எழுதலாமா என்று யோசித்தோம். ஆனால் எந்தத் தம்ளர்? காபித் தம்ளரும் தம்ளர்தான், மோர்த் தம்ளரும் தம்ளர்தான். கடைசியில் தாளில் ஒரு வரியைக் காலியாக விட்டோம். "உங்கள் வீட்டில் ஒரு லிட்டர் பிடிக்கும் பாத்திரம்" என்று அச்சடித்து, பக்கத்தில் புள்ளிக்கோடு. கிராம செவிலியர் வீட்டுக்குப் போகும்போது, லிட்டர் அளவையில் தண்ணீர் எடுத்து, அந்த வீட்டுப் பாத்திரம் ஒன்றில் ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறிவிட்டு, தாளில் அந்தப் பாத்திரத்தின் பெயரை எழுத வேண்டும். "அத்தை கொடுத்த செம்பு, கழுத்துக்குக் கீழே" என்று எழுதிய தாளை நான் பார்த்திருக்கிறேன். அச்சுக்கூடத்தால் எழுத முடியாத வாக்கியம் அது. உப்பு சரியா என்று தாய் தானே பார்த்துக்கொள்ளவும் ஒரு வழி எழுதினோம்: கொடுக்கும் முன் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது.

மூன்றாவது சங்கடத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. தாளின் தலைப்பு "வயிற்றுப்போக்கு". ஒரு பாட்டியம்மா தன் பேரனைக் காட்டி, "இது அது இல்லீங்க. பல்லு மொளைக்குது, அந்தக் கழிச்சல்" என்றார். பக்கத்து வீட்டில் அதுவே மாந்தம். பெரியவர்களுக்கு வந்தால் பேதி. அவரவர் கணக்கில் இவை தனித்தனி நோய்கள், தாளில் இருந்தது வேறு யாருக்கோ வந்தது. ஆகவே முதல் வரி இப்படி மாறியது: "பேதி, கழிச்சல், மாந்தம், எந்தப் பெயர் சொன்னாலும் சரி. ஒரு நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணியாகப் போனால் இந்தத் தாள் உங்களுக்குத்தான்."

இதே குட்டையில் வங்கதேசத்துக்காரர்கள் எங்களுக்கு முன்பே இறங்கியிருந்தார்கள் என்பது ஓய்வுபெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்தது. முஷ்டாக் சௌத்ரியும் ரிச்சர்ட் கேஷும் 1996-இல் எழுதிய புத்தகம் அது. 'பிராக்' என்ற அமைப்பு 1980-இல் தொடங்கிப் பத்து ஆண்டுகளில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் இதைச் சொல்லிக் கொடுத்தது. அங்கே பாக்கெட்டும் இல்லை, தாய்மார்கள் பலருக்கு எழுத்தும் தெரியாது. மருத்துவப் பாடத்தைப் பத்து வாக்கியங்களாகச் சுருக்கி மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பிறகு பத்தும் ஏழானது. அளவு கையிலேயே இருந்தது: மூன்று விரலால் அள்ளும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். சொல்லிக் கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம் எத்தனை வீடு போனாள் என்பதை வைத்து இல்லை. பிறகு வேறொருவர் போய்ச் சில வீடுகளில் கேட்டுப் பார்ப்பார். தாய் எத்தனை வாக்கியம் சொல்கிறாள், கரைசலைச் சரியாகச் செய்கிறாளா என்பதைப் பொறுத்தே கூலி. இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. எங்களிடம் எத்தனை தாள் விநியோகித்தாய் என்றுதான் கேட்டார்கள்.

அங்கேயும் பெயர்ப் பிரச்சினை வந்தது. மக்கள் பேதியை நான்கு வகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 'டைரியா' என்றால் அவர்களுக்குக் காலரா போன்ற கடுமையான ஒன்று மட்டுமே. மற்ற மூன்றுக்கும் கரைசல் கொடுக்கவில்லை. செய்யத் தெரிந்த வீடுகளிலும் ஆரம்பத்தில் கொஞ்சம் பேரே கொடுத்ததற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, சொல்லிக் கொடுத்தவர்களுக்கே அதில் நம்பிக்கையில்லாமல் இருந்தது.

எங்கள் தாளுக்கு வருகிறேன். எழுத்துத் தெரியாத தாய்க்கு அதைப் படித்துக் காட்டப்போவது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான். ஆகவே ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை உரக்கப் படிக்கச் சொன்னோம். "நீரிழப்பு" என்ற சொல்லில் நின்றாள். "உடம்புத் தண்ணீர் வற்றுவது" என்று மாற்றினோம். "திரவ உணவு" என்பதில் மறுபடி நின்றாள். கஞ்சி, மோர், இளநீர் என்று எழுதிவிட்டோம். இறுதியாக அச்சான படிகள் ஏறக்குறைய இவை:

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோடு போட்ட பாத்திரத்தில் கோடு வரை ஆறவைத்த குடிதண்ணீர் ஊற்றுங்கள். பாக்கெட் முழுவதையும் கொட்டிக் கரையுங்கள். பாதிப் பாக்கெட் வேண்டாம்.

ஒவ்வொரு தடவை போன பிறகும் கொடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் கால் தம்ளரிலிருந்து அரைத் தம்ளர், அதற்கு மேல் அரையிலிருந்து ஒரு தம்ளர். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, பிறகு கரண்டி கரண்டியாகக் கொடுங்கள்.

இது பேதியை நிறுத்தாது, பிள்ளையைக் காப்பாற்றும். பேதி நிற்கும்வரை கொடுங்கள். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். மறுநாள் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

கண் குழி விழுந்தால், பிள்ளை துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தால், குடிக்க மாட்டேன் என்றால், ரத்தம் போனால் உடனே ஆஸ்பத்திரி. வழியிலும் கொடுத்துக்கொண்டே போங்கள்.

அதற்குப் பின் மருந்தும் மாறிவிட்டது. 2002-இல் உலக சுகாதார நிறுவனம் உப்பையும் குளுக்கோஸையும் குறைத்துக் கலவையைத் திருத்தியது. இப்போது கூடவே துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுக்கச் சொல்கிறார்கள். பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும்.

பேரன் பேத்தி உள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கடைகளில் இப்போது 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட்டும் இரண்டும் கிடைக்கின்றன, பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல. மேலே அந்த மூன்று எழுத்தைப் போட்டு, உள்ளே வெறும் இனிப்புப் பானமாக வந்த அட்டைப் பெட்டிகளும் உண்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படியுங்கள். எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்பது பொடி எழுத்தில் அங்கேதான் இருக்கும்.